போனில் ஈரப்பதம் 95%... அப்புறம் ஏன் டெல்லியில் தோல் வெடிக்கிறது?

ஜனவரியில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. போனில் வானிலையைப் பார்த்தால் ஈரப்பதம் 95 சதவிகிதம் என்று காட்டுகிறது. 'அட, நம்ம ஊர்லகூட இவ்ளோ இல்லையே... அப்போ சருமத்துக்குப் பிரச்னை வராது' என்று நினைப்பீர்கள். ஆனால் மூன்றாவது நாளே முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூசினாற்போல வெள்ளைக் கோடுகள், உதட்டோரம் வெடிப்பு, முகம் கழுவியதும் தோலை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு.

போன் பொய் சொல்லவில்லை. நாம் பார்த்த எண்தான் தப்பு.

போனில் தெரியும் ஈரப்பதம் என்பது, 'இந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை சதவிகிதம் இப்போது இருக்கிறது' என்கிற கணக்கு. குளிர்ந்த காற்று ஒரு சின்ன டம்ளர் மாதிரி. சூடான காற்று பெரிய சொம்பு. சின்ன டம்ளர் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தாலும் அதில் இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான். 8 டிகிரி குளிரில் மூடுபனியோடு இருக்கும் டெல்லிக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம் நீராவி இருக்கும். அதே ஜனவரியில் 25 டிகிரி இருக்கும் சென்னைக் காற்றில் 17 கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது, பாதிக்கும் குறைவான நீராவிதான் டெல்லியில்.

இப்போது அந்த 8 டிகிரிக் காற்று உங்கள் அறைக்குள் வருகிறது. ஹீட்டர் போட்டு அறையை 22 டிகிரிக்குக் கொண்டுவருகிறீர்கள். டம்ளரில் இருந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றியாகிவிட்டது. தண்ணீர் கூடவில்லை, பாத்திரம்தான் பெரிதானது. அறைக்குள் ஈரப்பதம் இப்போது 40 சதவிகிதம்தான். உங்கள் தோலின் மேற்பரப்போ கிட்டத்தட்ட 32 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. தோலை ஒட்டி நிற்கும் காற்று அந்தச் சூட்டில் இன்னும் பெரிய பாத்திரமாகி, தோலிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. வெளியே பனி கொட்டினாலும் தோல் காய்வதன் காரணம் இதுதான்.

அதனால் அடுத்தமுறை ஊருக்குக் கிளம்பும்போது ஈரப்பத சதவிகிதத்தை விட்டுவிட்டு, அதே வானிலை ஆப்பில் கொஞ்சம் கீழே இருக்கும் Dew point என்ற எண்ணைப் பாருங்கள். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாக மாறுமோ, அந்த வெப்பநிலை அது. காற்றில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை இது நேரடியாகச் சொல்லிவிடும். 20-க்கு மேல் இருந்தால் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கசகசப்பு. 10-லிருந்து 16 வரை இருந்தால் தோலுக்குச் சுகமான காற்று. 10-க்குக் கீழே போனால் உங்கள் ஜெல் மாய்ஸ்ச்சரைசர் போதாது. டெல்லி ஜனவரியில் இந்த எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலின் மேல்புற அடுக்கு மிக மெல்லியது. ஒரு தாளைவிட மெல்லியது. அதைச் செங்கல் சுவர் என்று சொல்வார்கள். இறந்த செல்கள் செங்கல். நடுவில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் சாந்து. செங்கல்லுக்குள் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்களும் உண்டு. செல்கள் சரியான நேரத்தில் ஒன்றையொன்று விட்டு உதிர்வதற்கு அந்தத் தண்ணீர் அவசியம். காற்று காய்ந்தால் தண்ணீர் குறைகிறது. செல்கள் தனித்தனியாக உதிராமல் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நகத்தால் கீறினால் வெள்ளைக்கோடு விழுவது அதனால்தான்.

இதைப் 'பொலிவிழந்த சருமம்' என்று நினைத்து ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். ஏற்கெனவே சாந்து உதிர்ந்த சுவரைச் சுரண்டுகிற வேலை அது. ரெண்டு மணி நேரம் முகம் பளபளப்பாக இருக்கும்; மறுநாள் எந்த க்ரீம் போட்டாலும் எரியும். வழக்கமாகப் பயன்படுத்துகிற சாதுவான க்ரீமே திடீரென எரிய ஆரம்பித்தால், க்ரீம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஓர் உதாரணம்: மூன்று வாரம், குருகிராம் பி.ஜி

சென்னை வேளச்சேரியில் இருக்கும் 29 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் டிரெய்னிங்குக்காக ஜனவரியில் மூன்று வாரம் டெல்லியை ஒட்டிய குருகிராமில் பி.ஜி-யில் தங்கப் போகிறார். கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள சருமம், அவ்வப்போது பரு வரும். சென்னையில் அவருடைய வழக்கம் இது: காலையும் இரவும் சாலிசிலிக் ஆசிட் கலந்த ஃபேஸ்வாஷ், காலையில் ஜெல் மாய்ஸ்ச்சரைசரும் சன்ஸ்க்ரீனும், இரவில் ரெட்டினால். உடம்புக்குச் சோப், வேறொன்றும் இல்லை. சென்னையில் அதுவே போதும். காற்றே பாதி மாய்ஸ்ச்சரைசர்!

இவர் முதலில் செய்ய வேண்டியது எதையும் வாங்குவது அல்ல, சிலவற்றை நிறுத்துவது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ரெட்டினாலை நிறுத்திவிடலாம். போன இடத்தில் ஒரு வாரம் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எரிச்சல் இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும், மாய்ஸ்ச்சரைசர் போட்ட பிறகு அதன்மேல் தடவலாம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷை ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சர். காலையில் முகத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். ராத்திரி முழுக்கக் குளிரில் தூங்கி எழுந்த முகத்தில் கழுவி எடுக்க அப்படி ஒன்றும் அழுக்கு இருக்காது.

இரண்டாவது, மாய்ஸ்ச்சரைசர். ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் அதைப் பிடித்துவைக்கும் கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட் போன்றவையும். ஈரமான ஊரில் அது போதும். காய்ந்த காற்றில் அதை மட்டும் போட்டால், நீங்கள் தடவிய தண்ணீரும் சேர்ந்தே காற்றோடு போய்விடும். மேலே ஒரு மூடி வேண்டும். அந்த மூடிதான் க்ரீமில் இருக்கும் எண்ணெய்ப் பசை, செராமைடு, ஷியா பட்டர், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாம். இவர் தன் ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். முகம் ஈரமாக இருக்கும்போதே ஜெல்லைப் போட்டு, அதன்மேல் செராமைடு கலந்த சாதாரண க்ரீமைப் போட்டால் வேலை முடிந்தது. பரு வரும் முகம் என்பதால் பெட்ரோலியம் ஜெல்லியை உதடு, மூக்கின் ஓரம், உதட்டுக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம்.

மூன்றாவது, உடம்பு. நம்மில் பலரும் முகத்துக்கு ஐந்து பாட்டில் வைத்திருப்போம். காலுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் குளிரில் முதலில் அடிவாங்குவது முழங்காலுக்குக் கீழேதான். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. எவ்வளவு க்ரீம் தேவை என்பதற்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஒரு கால் முழுக்க ஆறு விரல்நுனி, ஒரு கைக்கு மூன்று விரல்நுனி. இரண்டு காலுக்கும் இரண்டு கைக்கும் சேர்த்தால் 18 விரல்நுனி, அதாவது 9 கிராம். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றாலும் மூன்று வாரத்துக்கு ஏறக்குறைய 190 கிராம். 'டிராவல் சைஸ்' என்று 50 மில்லி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனால் ஆறாவது நாள் காலி. இல்லாவிட்டால் சிக்கனமாகத் தடவி, 'இந்த க்ரீம் வேலையே செய்யலை' என்று குறை சொல்வோம். போய் இறங்கி, பெரிய பாட்டிலாக அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

'எதுக்கு க்ரீம், தேங்காய் எண்ணெய் இருக்கே' என்று அம்மா ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவார். கை, காலுக்குத் தாராளமாகத் தடவலாம். முகத்தில் பரு வருபவர்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு விஷயம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டெல்லி ஜனவரியில் பாட்டிலுக்குள் மெழுகுவத்தி மாதிரி நிற்கும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. வாய் அகலமான டப்பாவில் எடுத்துப் போனால் விரலால் வழித்து எடுக்கலாம். குளித்து முடித்து உடம்பில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் பளபளப்புதான் மிஞ்சும், பூட்டி வைக்க உள்ளே தண்ணீர் இருக்காது.

குளியல் பற்றி ஒரு வார்த்தை. வெளியே 8 டிகிரி என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளத்தான் தோன்றும். சூடான தண்ணீர் அந்தச் சாந்துக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் க்ரீம். பாத்ரூமை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்துவிட்டுத் தடவலாம் என்று நினைத்தால் அதற்குள் காய்ந்துவிடும். க்ரீம் பாட்டில் பாத்ரூமுக்குள்ளேயே இருக்கட்டும்.

தண்ணீரே எதிரியானால்...

மேலே சொன்ன அத்தனையும் செய்தும் நம் குருகிராம் பெண்ணுக்குத் தோல் இழுக்கிறது என்றால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது பி.ஜி-யின் போர் தண்ணீரை. நாம் 'உப்புத் தண்ணி' என்று சொல்லும் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அதைத்தான் கடின நீர் என்கிறோம். வேளச்சேரி போர் தண்ணீரும் ஒன்றும் இளநீர் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சென்னைக் காற்று அந்தக் குறையை மறைத்துவிடும். காய்ந்த குளிரில் அது அம்பலமாகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ஜி.எஸ்.டி பில் மாதிரி ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் பிடித்து, குளிக்கும் சோப்பைச் சீவி ஒரு துண்டு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரையும் கீழே தெளிவான தண்ணீரும் இருந்தால் மென்னீர். நுரை வராமல், தண்ணீர் பால் போலக் கலங்கி, வெள்ளைத் திரிதிரியாக மிதந்தால் கடின நீர். இதற்கு உண்மையான சோப் வேண்டும். பாடி வாஷ், ஷாம்பு போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவு, வாளியின் உட்புறம் சொரசொரப்பு இருந்தால் சோதனைகூடத் தேவையில்லை. இன்னொன்று, கடையில் விற்கும் டி.டி.எஸ் மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மையை மட்டும் தனியாகக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. அது குடிப்பதற்கான கணக்கு. சோப் அதற்கு வெகுமுன்பே திரிய ஆரம்பித்துவிடும்.

அந்த வெள்ளைத் திரிதான் பிரச்னையின் வேர். சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத பொருளாகி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் தோலில் ஒட்டிக்கொள்கிறது. 'இன்னும் வழவழன்னு இருக்கே' என்று மறுபடி மறுபடி தேய்ப்போம். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. சோப் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் தோலில் தங்கத் தங்க வறட்சியும் அரிப்பும் கூடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடின நீரில் கழுவும்போது சோப்பு மாதிரியான நுரைக்கும் பொருள்கள் தோலில் கூடுதலாகத் தங்கிவிடுவதையும், எக்ஸிமா இருப்பவர்களுக்கு அதனால் எரிச்சல் அதிகமாவதையும் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் உப்பை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் விளம்பரங்களை நம்பிப் பணத்தை விடுகிறோம். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினையும் துருவையும் ஓரளவு குறைக்கும், கால்சியத்தை எடுக்காது. கால்சியத்தை எடுக்க, உப்பு போட்டுப் புதுப்பிக்கும் ரெசின் சாஃப்டனர் வேண்டும். அதை மூன்று வாரத்துக்காக யாரும் மாட்ட முடியாது. படிகாரம் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. சாஃப்டனரே மாட்டினாலும் அது மருந்தாகிவிடாது. பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு சாஃப்டனர் மாட்டிய வீடுகளில், சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

செலவில்லாத வழி, தண்ணீரை மாற்ற முடியாவிட்டால் சோப்பை மாற்றுவது. கால்சியத்தோடு சேர்ந்து திரியாத, சோப் இல்லாத கட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. உறையைத் திருப்பிப் பாருங்கள். முதல் வரியில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருந்தால் அது சோப். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று தொடங்கினால் சோப் இல்லாத கட்டி. டி.எஃப்.எம் எவ்வளவு அதிகம் என்று போட்டிருந்தாலும் சோப் சோப்தான், உப்புத் தண்ணீரில் திரியத்தான் செய்யும். அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடலாம். குளிர்காலத்தில் வியர்க்காத கைக்கும் காலுக்கும் தினமும் நுரை எதற்கு? முகத்துக்கு மட்டும், கடைசியாக ஒரு மக் ஆர்.ஓ தண்ணீரில் அலசிவிடலாம். அரை லிட்டர் போதும்.

சிலர் அறை காய்கிறது என்று சின்ன ஹியூமிடிஃபையர் வாங்குவார்கள். புகை மாதிரி ஆவி விடும் மலிவான வகையில் கடின நீரை ஊற்றினால், அந்த உப்பும் பவுடராகப் பறந்து மேஜை, லேப்டாப், தலையணை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். அதற்கும் ஆர்.ஓ தண்ணீர்தான். தினமும் கழுவ முடியாது என்றால் வாங்காமலிருப்பதே மேல். உள்ளே பூஞ்சை வளரும்.

இது வறட்சிதானா?

மேலே சொன்ன மாற்றங்களைச் செய்தால் இழுப்பு மூன்று நான்கு நாள்களிலும், வெள்ளைக்கோடு ஒரு வாரத்திலும் குறைய வேண்டும். குறையாவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது. குறிப்பாக பி.ஜி, ஹாஸ்டலில் தங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரிப்பு ராத்திரி படுத்ததும் அதிகமாகிறதா, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி சின்னச் சின்னப் பொரிகளா, அறைத்தோழியும் சொறிகிறாரா? அது வறட்சி அல்ல, சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. ஒரே போர்வையைப் பகிரும் குளிர்காலத்தில் சுலபமாகப் பரவும். அறையில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். வெடிப்பில் நீர் கசிந்தாலோ, மஞ்சளாகப் பக்குக் கட்டினாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க' என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்ததை வாங்கித் தடவ வேண்டாம். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் முதலில் அடங்கியதுபோல இருந்துவிட்டு, பிறகு பெரிய வட்டமாகப் பரவும்.

மூன்று வாரம் முடிந்து திரும்பும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். டெல்லியில் காப்பாற்றிய கனமான க்ரீமைச் சென்னையிலும் பழக்கத்தில் தொடர்ந்து தடவினால், வியர்வைத் துவாரம் அடைத்து வேர்க்குரு கிளம்பும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிக்கிற சின்னப் பொரிகள் வரலாம். பருவென்று நினைத்து அதற்குப் பரு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் மயிர்க்கால்களில் வளரும் ஈஸ்ட் அது, அதற்கு மருந்து வேறு. அதனால் ரயில் ஏறும் அன்றே முகத்துக்கான க்ரீமை நிறுத்திவிட்டு ஜெல்லுக்குத் திரும்பலாம். விமானத்தில் வந்தால் உள்ளே காற்று டெல்லியைவிடக் காய்ந்தது, ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும். இறங்கும் வரை க்ரீம் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ரெட்டினாலை உடனே தினமும் ஆரம்பிக்காமல், முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மீதமிருக்கும் அந்தப் பெரிய பாட்டில் க்ரீமைக் குதிகாலுக்கு வைத்துக்கொள்ளலாம். ராத்திரி தடவி சாக்ஸ் போட்டுக்கொண்டால் பித்தவெடிப்புக்கு ஒரு வருஷம் வரும்.